இரண்டாவது கேள்விக்காக விழித்திருத்தல்

கோயம்புத்தூரில் மூன்று பேராக உட்கார்ந்து இணையக் கடைகள் கட்டிக் கொடுக்கிறோம். கிளையன்ட்களில் பாதிப் பேர் சான் பிரான்சிஸ்கோ பக்கம், மீதிப் பேர் லண்டனிலும் நியூயார்க்கிலும். இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லாரிடமும் முதலில் சொல்லப்படும் புத்திமதி ஒன்றுதான்: அவர்கள் விழித்திருக்கும்போது நீயும் விழித்திரு. அதற்கு நேரெதிரான புத்திமதியும் உண்டு. எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள், யாரும் யாருக்காகவும் விழிக்க வேண்டியதில்லை என்பது அது. இரண்டையும் வருடக்கணக்கில் செய்து பார்த்தாயிற்று. எது தேறும் என்று எடைபோட, மூன்று ஊர்களில் மிகக் கடினமான சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு. அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். குளிர்காலத்தில் பதின்மூன்றரை. அவர்களுடைய காலை 9 முதல் மாலை 5 வரை என்பது, கோடையில் நமக்கு இரவு 9.30 முதல் விடிகாலை 5.30 வரை. நாங்கள் காலை 9.30க்குக் கடை திறந்து மாலை 6.30க்குக் கட்டுகிறோம். இரண்டு வேலை நாட்களும் ஒரு நிமிடம்கூட ஒன்றின் மேல் ஒன்று படியவில்லை.

இதன் விலை என்ன என்பதை ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்து மெயில் அனுப்புகிறேன். அங்கே திங்கள் இரவு 10.30, கிளையன்ட் படுக்கப் போயிருப்பார். செவ்வாய் காலை 10 மணிக்குப் பதில் எழுதுகிறார், நமக்கு இரவு 10.30. நான் அதைப் புதன் காலை 9.30க்குப் பார்க்கிறேன். ஒரு கேள்வி, ஒரு பதில், இருபத்திரண்டரை மணி நேரம். பதிலைப் படித்ததும் இன்னொரு சந்தேகம் கிளம்பினால் வியாழன். அதிலும் தெளியாவிட்டால் வெள்ளி. அரை நாள் வேலைக்கு ஒரு வாரம் போய்விட்டது, யாரும் சோம்பேறித்தனம் செய்யாமலேயே.

இரவில் விழித்திருப்பவர்களின் வாதம் இங்கேதான் வலுவாக நிற்கிறது. அன்றிரவு 10.30க்கு நான் மேசையில் இருந்திருந்தால் பதில் வந்த பத்தாவது நிமிடத்தில் அடுத்த சந்தேகத்தைக் கேட்டிருப்பேன், நள்ளிரவுக்குள் மூன்று சுற்றும் முடிந்திருக்கும். இரண்டு நாள் மிச்சம். இதை மறுக்க முடியாது. நைட் ஷிப்டைத் திட்டுபவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே உடல்நலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். உடல்நல வாதமும் பொய்யில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவு நேர வேலையைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி பரிசீலித்து அதே முடிவில் நின்றது. ஆனால் அதைச் சொல்லி யாரும் வேலையை விட்டதாக எனக்குத் தெரியவில்லை. எனவே தொழில் கணக்கிலேயே இதை எடைபோட வேண்டும்.

விழித்திருந்து நான் உண்மையில் எதை வாங்குகிறேன்? எனக்கு இந்தக் கேள்வியைப் போட்டவன் எங்கள் மூவரில் சிறியவன். ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குப் பதில் வந்தது. படித்துவிட்டு, "காலையில பாத்துக்கலாம்" என்றேன். "அப்ப எதுக்குங்ணா இவ்வளவு நேரம் உக்காந்திருந்தோம்?" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வேலையை எப்படியும் மறுநாள் காலை 9.30க்குத்தான் தொடங்கப் போகிறேன். பதில் இரவு 10.30க்கு வந்தாலும் விடிகாலை 5 மணிக்கு வந்தாலும் எனக்கு ஒன்றுதான். கிளையன்ட்டுக்குத் தன் முழு வேலைநாளும் பதில் எழுத இருக்கிறது. அதற்குள் எப்போது எழுதினாலும் எங்கள் வேலை ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாது. ஆகவே சீக்கிரம் பதில் சொல்லுங்கள் என்று அவரை நெருக்குவதிலும் அர்த்தமில்லை, இன்றைக்குள் சொல்லுங்கள் என்பதே போதும். விழித்திருப்பவனுக்குக் கிடைக்கும் ஒரே லாபம், வந்த பதிலின் மேல் இன்னொரு கேள்வி கேட்க முடிவது. இரவைக் கொடுத்து நான் வாங்கியது பதிலை அல்ல, இரண்டாவது கேள்வியை.

அப்படியானால் எழுத்துக் கட்சியைச் சோதிக்க வேண்டிய இடமும் அதுதான். இரண்டாவது கேள்வியை முதல் கேள்விக்குள்ளேயே எழுதி வைக்க முடியுமா? முடிந்தால் தூங்கலாம். முடியாவிட்டால் விழித்திருப்பவர்கள் சொல்வதுதான் சரி.

ஒரு வேலையை முழுதாகச் சொல்கிறேன். சோப்பு விற்கும் கடை ஒன்று. 50 டாலருக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று வைக்கச் சொன்னார் கிளையன்ட். நான் பழைய பழக்கத்தில் எழுதியது: "50 டாலர் என்பது தள்ளுபடிக்கு முன்பா, பின்பா?" மறுநாள் பதில் வந்தது: "பின்பு." அதை வைத்து எழுதிக்கொண்டிருக்கும்போது வரி ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் விற்பனை வரி பெரும்பாலும் விலைக்கு மேல் தனியாக ஏறும். 50 டாலர் என்பது வரி சேர்த்தா, சேர்க்காமலா? இன்னொரு நாள். அதற்குப் பிறகு, இலவச டெலிவரியில் வாங்கியவர் பாதிப் பொருளைத் திருப்பி அனுப்பினால் டெலிவரிக் காசைப் பிடிப்பதா? மூன்றாவது நாள். அவர் ஒவ்வொரு நாளும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னார். நான் கேட்ட விதம்தான் மூன்று நாளைத் தின்றது.

அடுத்த கடையில் இதே வேலை வந்தபோது கேள்வியை மாற்றினேன். சாரம் இதுதான்: "மூன்று முடிவுகள் வேண்டும். ஒன்று, ஒருவர் 56 டாலருக்கு வாங்கி 10 டாலர் கூப்பன் போடுகிறார், மிச்சம் 46. அவருக்கு டெலிவரிக் காசு உண்டு என்று வைத்திருக்கிறேன். இரண்டு, பொருளின் விலை 48, வரியோடு 52. அவருக்கும் காசு உண்டு என்று வைத்திருக்கிறேன். மூன்று, 60 டாலருக்கு வாங்கியவர் 20 டாலர் பொருளைத் திருப்புகிறார். அவரிடம் டெலிவரிக் காசு பிடிக்கவில்லை. இவற்றில் எது தவறோ அதன் எண்ணை மட்டும் எழுதுங்கள். செவ்வாய், ஜூலை 15, உங்கள் மாலை 5 மணிக்குள் பதில் வராவிட்டால் இப்படியே தொடர்வேன். பின்னால் மாற்ற அரை மணி நேரம் ஆகும்." பதில் ஒரே வரி: "3 தவறு, பிடிக்கவும்."

முதல் மெயில் விதியைக் கேட்டது. இரண்டாவது, ஆள் ஒருவர் கடைக்கு வந்து காசு கொடுப்பதைக் காட்டியது. விதியைக் கேட்டால் கிளையன்ட் ஒரு சொல்லில் பதில் சொல்வார், அந்தச் சொல் நம் சந்தேகத்தின் எல்லா மூலைகளையும் தொடாது. எண்களோடு ஆளை நிறுத்தினால், நாமும் கேட்க மறந்த மூலை நமக்கே தெரிந்துவிடும். 56 என்று எழுதிக் கூப்பனைக் கழிக்கும்போதுதான் வரி எங்கே போகும் என்று எனக்கே தோன்றும். இரண்டாவது கேள்வி இப்படித்தான் முன்கூட்டியே வெளியே வருகிறது. கடைசி வரிக்கும் வேலை உண்டு. பின்னால் மாற்ற எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிட்டால், எதை யோசிக்க வேண்டும், எதை ஓடவிடலாம் என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

இதற்கும் எல்லை இருக்கிறது, எழுத்துக் கட்சியினர் அதை மென்று முழுங்குகிறார்கள். பதில் வராவிட்டால் இப்படியே தொடர்வேன் என்பதை, திருப்பி எடுக்க முடிகிற காரியங்களுக்கு மட்டுமே சொல்லலாம். பணம் பிடிப்பது, வாடிக்கையாளர் பட்டியலை அழிப்பது, ஆயிரம் பேருக்கு மெயில் போவது, டொமைனை மாற்றுவது ஆகியவற்றில் மௌனம் சம்மதமாகாது. அங்கே ஒரு நாள் போனால் போகட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று, நீள மெயிலில் ஆறு கேள்வி வைத்தால் முதல் கேள்விக்குத்தான் பதில் வரும். மூன்றுக்கு மேல் நான் வைப்பதில்லை.

பேச்சாலன்றித் தீராத விஷயங்களும் உண்டு. விலையில் பேரம், ஒருவருக்கு ஒருவர் மேல் வந்த மனத்தாங்கல், "எனக்கு இது பிடிக்கவில்லை, ஏனென்று சொல்லத் தெரியவில்லை" என்கிற வடிவமைப்பு விவகாரம் போன்றவை. ஒரு மெயிலில் காட்டமாக எழுதிவிட்டுப் படுத்தால் அது பன்னிரண்டு மணி நேரம் எதிராளியின் மனதில் ஊறும். அடையாளம் எளிது: ஒரே விஷயம் இரண்டு தடவை போய் வந்தும் தெளியவில்லை என்றால் மூன்றாவது மெயில் எழுதக் கூடாது, பேச வேண்டும்.

எப்போது பேசுவது? வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் என்று வைத்திருக்கிறோம். கோடையில் அவர்களுடைய காலை 8 மணி நமக்கு இரவு 8.30, பரவாயில்லை. குளிர்காலத்தில் அது 9.30 ஆகிவிடும். ஆனால் குளிர்காலத்தில் எதிர்ப்பக்கம் நமக்குச் சாதகமாகிறது. அவர்களுடைய மாலை 5 மணி நமக்கு மறுநாள் காலை 6.30. கோடையில் அதுவே 5.30, யாரும் எழ மாட்டோம். ஆகவே கோடையில் இரவு, குளிரில் காலை என்று மாற்றிக்கொள்கிறோம். காலைப் பேச்சில் ஒரு சூட்சுமம் உண்டு: நம் திங்கள் காலை அவர்களுக்கு ஞாயிறு மாலை. காலைப் பேச்சு செவ்வாய் முதல் சனி வரைதான் நடக்கும். சனிக்கிழமை பேச வேண்டுமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளி மாலை அவர்கள் சொல்லிவிட்டுப் போகும் குறைகளை நாங்கள் திங்கள் பகலில் தீர்த்துவிட்டால், அவர்கள் திங்கள் காலை வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். வாரத்தில் நேர வித்தியாசம் முழுக்க நம் பக்கம் சாயும் நாள் அது.

இந்தப் பேச்சு நேரத்தை எந்த ஊர்க் கடிகாரத்தில் கட்டுவது என்பதில்தான் நாங்கள் அடி வாங்கினோம். ஒரு வேலையில் கிளையன்ட் சான் பிரான்சிஸ்கோவில், வடிவமைப்பாளர் லண்டனில், நாங்கள் இங்கே. லண்டனும் சேர்ந்ததால் காலைப் பேச்சுக்கு வழியில்லை. குளிர்காலம் முழுக்க கிளையன்ட்டுக்குக் காலை 8, லண்டனுக்கு மாலை 4, நமக்கு இரவு 9.30 என்று செவ்வாய்தோறும் ஓடிக்கொண்டிருந்தது. 2025 மார்ச் 9 அன்று அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. மார்ச் 11 செவ்வாய், அமெரிக்கா மாறிவிட்டதே, இனி 8.30தானே என்று நாங்கள் உட்கார்ந்தோம். கிளையன்ட்டும் பழக்கப்படி தன் காலை 8 மணிக்கு வந்துவிட்டார். லண்டன்காரரைக் காணோம். மறந்துவிட்டார் போல என்று பேசி, பணம் கட்டும் பக்கத்தின் அமைப்பை இருவருமாக முடிவு செய்துவிட்டோம். லண்டனில் மாலை 4 மணிக்கு, அதாவது நம் 9.30க்கு, அவர் வந்து தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஊரில் கடிகாரம் இன்னும் மாறவில்லை. ஐரோப்பாவும் பிரிட்டனும் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு, அந்த ஆண்டு 30ஆம் தேதி. அழைப்பை உருவாக்கியவரும் அவர்தான் என்பதால் காலண்டர் லண்டன் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. தன்னை விட்டுவிட்டு முடிவு எடுத்ததில் அவருக்கு வந்த கோபம் நியாயமானது. அந்தப் பக்கத்தை மறுபடி வரைய வேண்டியிருந்தது.

அமெரிக்கா மாறுவது மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஐரோப்பா மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஆகவே வசந்தத்தில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் கணக்கு கோணலாகவே இருக்கும். கடிகாரத்தைத் தொடாத நமக்குத்தான் இது அதிகம் புரிவதில்லை. நம் நேரம் மாறாததால் மீட்டிங் நேரமும் மாறாது என்று மனம் நம்பிவிடுகிறது.

கட்ட வேண்டியது கிளையன்ட்டின் ஊரில்தான் என்பது என் முடிவு. பணம் தருகிறவர் என்பதற்காக மட்டும் இல்லை. அவருடைய நாளில் மற்ற மீட்டிங்குகளும் அதே கடிகாரத்தில் நகர்கின்றன. நம் நேரத்தில் கட்டினால் வருடத்தில் இரண்டு தடவை நம் அழைப்பு மட்டும் அவருடைய வேறொரு வேலையின் மேல் போய் விழும். காலண்டர் கோப்புக்குள் நேரம் இப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்:

```
DTSTART;TZID=America/Los_Angeles:20250311T080000
```

இதில் எத்தனை மணி நேர வித்தியாசம் என்ற எண் இல்லை, ஊரின் பெயர் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் பெயர்தான், ஒரே நேரம் என்பதால். கடிகாரம் எப்போது மாறும் என்கிற விதி அந்தப் பெயரோடு சேர்ந்து வரும். சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். நம் காலண்டரில் அமெரிக்கக் கடிகாரம் மாறுவதற்கு முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் பாருங்கள். நம் நேரம் ஒரு மணி நேரம் நகர்ந்திருந்தால் சரி. நகராமல் அப்படியே இருந்தால், அது அமெரிக்காவில் கட்டப்படவில்லை.

மெயிலில் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். IST என்று போட்டால் அயர்லாந்துக்காரருக்கு அது தன் கோடை நேரம், இஸ்ரேல்காரருக்குத் தன் நேரம். 04/05 என்று போட்டால் அமெரிக்கருக்கு ஏப்ரல் 5, லண்டன்காரருக்கு மே 4. "நாளைக்குள்" என்பது இருவருக்கும் ஒரே நாள் இல்லை. கிழமை, தேதி, மாதத்தின் பெயர், யாருடைய மணி என நான்கையும் எழுதிவிட்டால் தகராறு இல்லை.

இனி ஒரு விற்பனைப் பேச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "நீங்கள் தூங்கும்போது நாங்கள் வேலை செய்வோம், காலையில் எழுந்தால் முடிந்திருக்கும்" என்று நாமெல்லாம் கிளையன்ட்டிடம் சொல்கிறோம். சூரியனைத் தொடரும் வேலைமுறை என்று இதற்குப் பெயரே உண்டு. ஐபிஎம் ஐந்து ஊர்களில் குழு வைத்து இதை முயன்றதை எர்ரான் கார்மெல் என்ற ஆய்வாளர் 1999இல் எழுதிய புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். முறை நிலைக்கவில்லை. அன்றன்றைய வேலையை அன்றன்றே அடுத்த ஊருக்குக் கைமாற்றுவது அவர்களுக்குப் படியவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே படியாததை மூன்று பேர் கொண்ட கடை வாக்குக் கொடுப்பது துணிச்சல்தான். ஆனால் சோதித்துக் குறை சொல்வதும் குறை தீர்ப்பதும் மாறி மாறி நடக்கும் கட்டத்தில் இது எங்களுக்கு உண்மையிலேயே நடந்திருக்கிறது. கிளையன்ட் தன் பகலில் ஸ்கிரீன்ஷாட்டோடு குறைகளை எழுதுவார், நாங்கள் நம் பகலில் தீர்ப்போம். கைமாறும் பொருள் முழுதாக எழுதப்பட்டிருக்கும் இடத்தில் இந்த வாக்கு பலிக்கிறது. கிளையன்ட்டுக்கே இன்னும் மனம் தெளியாத தொடக்கக் கட்டத்தில் பலிப்பதில்லை. நாட்கணக்குச் சொல்லும்போது இதனால்தான் நான் வேலை மணியை மட்டும் கூட்டுவதில்லை, கிளையன்ட் எடுக்க வேண்டிய முடிவுகளையும் எண்ணுகிறேன். பன்னிரண்டு மணி நேர வேலையில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு முடிவுகள் இருந்தால், அது இரண்டு நாள் வேலை இல்லை, ஐந்து நாள் வேலை.

ஆக, சான் பிரான்சிஸ்கோவைப் பொறுத்தவரை எழுத்தே முதுகெலும்பு, கிளையன்ட்டின் கடிகாரத்தில் கட்டிய அரை மணி நேரம் அதற்குத் துணை. நைட் ஷிப்ட் இரண்டு நாட்களுக்கு மட்டும்: கடை திறக்கும் நாள், கடை விழுந்துபோன நாள். அன்றைக்கு இரண்டாவது கேள்வி என்ன என்று யாராலும் முன்கூட்டி எழுத முடியாது. வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் உதவி மையங்களுக்கும் இந்தத் தீர்ப்பு செல்லாது, அங்கே பேச்சே சரக்கு.

லண்டனுக்கு இவ்வளவு யோசனையே தேவையில்லை. அவர்களுடைய காலை 9 நமக்குக் கோடையில் பகல் 1.30, குளிரில் 2.30. சாப்பிட்டுவிட்டு வந்து பேசலாம், மாலை வரை நான்கைந்து மணி நேரம் கிடைக்கும்.

வம்பு நியூயார்க்கில்தான். அவர்களுடைய காலை 9 நமக்குக் கோடையில் 6.30, குளிரில் 7.30. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் பேசி முடித்துவிடலாமே என்று தோன்றும், அது எட்டாகும், எட்டு பத்தாகும். சான் பிரான்சிஸ்கோக்காரரிடம் பன்னிரண்டரை மணி நேரம் நம்மைக் காப்பாற்றுகிறது, முழுதாக எழுதியே ஆக வேண்டும். நியூயார்க்காரரிடம் அரைகுறையாகக் கேட்டாலும் இரவுக்குள் பதில் வந்துவிடுவதால் கேள்வியைச் சரியாக எழுதும் பழக்கமே எனக்குப் போய்விடுகிறது. சென்ற வாரம் ஒரு நாள் மணி 10.40, கூப்பன் பற்றி ஐந்தாவது செய்தி அனுப்பிவிட்டு அவர் தட்டச்சு செய்யும் மூன்று புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறியவன் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தான்.